பிரெஞ்சு – ஆங்கில மொழிபெயர்ப்புக்குப் பிழைவகை வாரியாக மதிப்பெண் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பக்கங்களைச் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவற்றை இங்கே கோத்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆவணத்திலிருந்துதான் வருகின்றன: பிரான்சில் தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது கையெழுத்தாகும் ஒப்பந்தம். ஒரு சொல் பிசகினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று அதில் உடனே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்பதால் அதை எடுத்துக்கொண்டேன்.

படித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது, பத்துக்கு எட்டு" என்று போட்டால் போதாதா? எதற்கு இந்த வகை பிரிக்கிற வேலை?

அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று மொழிபெயர்த்தவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. இன்னொருவர் அதே பக்கத்துக்கு ஆறு போடுவார், அவரிடமும் பதில் இருக்காது. பிழைவகை முறையில் எண் கடைசியில்தான் வரும். முதலில் எந்த இடம், என்ன வகைப் பிழை, எவ்வளவு கடுமை என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு போகிறோம். எண்ணை ஏற்காதவர்கூட ஒவ்வொரு குறிப்பாக எடுத்து வாதாடலாம். வாதாட இடம் கொடுப்பதுதான் இந்த முறையின் பலம்.

இது புதிதும் அல்ல. மென்பொருள் உள்ளூராக்கத் துறைக்காக லீசா என்ற அமைப்பு 1990களிலேயே இப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தது. அந்த அமைப்பு 2011இல் மூடப்பட்டது. வாகனத் துறையில் எஸ்.ஏ.இ. ஜே2450 என்ற தரம் உண்டு. இப்போது பெரும்பாலோர் சொல்வது எம்.கியூ.எம். என்ற சட்டகத்தை. ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடந்த கியூ.டி.லாஞ்ச்பேட் என்ற திட்டத்தில் அது உருவானது. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதும் அதை ஒட்டியதுதான்.

துல்லியம், சரளம், கலைச்சொல் — இந்த மூன்றையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எனக்கு எல்லாமே ஒன்றாகத்தான் தெரிகிறது.

பிரெஞ்சுப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் படியுங்கள். அப்போதே கண்ணை உறுத்தினால் அது சரளப் பிழை. "இன்ஃபர்மேஷன்ஸ்" என்று பன்மை போட்டிருப்பது அப்படி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பன்மை உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலம் மட்டும் படிக்கும்போது ஒரு குறையும் தெரியாமல், பிரெஞ்சைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வந்தால் அது துல்லியப் பிழை. தவறான பொருள், விட்டுப்போனது, இல்லாததைச் சேர்த்தது, மொழிபெயர்க்காமலே விட்டது எல்லாம் அதில் அடங்கும்.

கலைச்சொல் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அந்தத் துறைக்காரர் ஒரு பொருளுக்கு வைத்திருக்கும் பெயரை விட்டுவிட்டு வேறொன்றைப் போடுவது, வாடிக்கையாளர் கொடுத்த சொற்பட்டியலை மீறுவது, ஒரே பொருளை ஓரிடத்தில் ஒரு பெயராலும் அடுத்த இடத்தில் வேறு பெயராலும் சொல்வது ஆகிய மூன்றும் இங்கே வரும். வீட்டுக்காரரைக் குறிக்கும் "பாயேர்" முதல் பக்கத்தில் "லேண்ட்லார்ட்", மூன்றாம் பக்கத்தில் "லெசர்" என்றிருந்தால் ஆங்கிலம் தெரிந்தவருக்கு இரண்டும் சரியான சொற்கள்தான். ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் மாறினால் ஆளும் மாறிவிட்டாரோ என்ற ஐயம் வரும்.

எம்.கியூ.எம். இதோடு நிற்பதில்லை. நடை, எண் – தேதி வழக்கம், வாசகருக்குப் பொருத்தம், பக்க அமைப்பு என்றும் தலைப்புகள் உண்டு. முதல் மாதம் இந்த மூன்றோடு நடையையும் எண் வழக்கத்தையும் சேர்த்து ஐந்தை வைத்துக்கொண்டால் போதும். முப்பது வகைகளோடு தொடங்குகிறவர் பிழையைத் தேடுவதை விட்டுவிட்டு வகையைத் தேடிக்கொண்டிருப்பார்.

எனக்கு பிரெஞ்சு சுமாராகத்தான் வரும், ஆங்கிலம் நன்றாக வரும். நான் மதிப்பிடலாமா?

சரளத்தை மட்டும் மதிப்பிடலாம். முந்தைய பதிலில் சொன்ன கவிழ்த்து வைக்கும் சோதனையில் பாதி வேலை அதுதான். ஆனால் தாளின் மேலே "சரளம் மட்டும் பார்க்கப்பட்டது" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிழையே இல்லாதது போல ஓர் எண் வெளியே போய்விடும்.

பிரெஞ்சு சுமாராக வருகிறவரை ஏமாற்றுவது கடினமான சொற்கள் இல்லை, அவற்றுக்கு அவர் அகராதியைத் திறந்துவிடுவார். எளிதானவைதான் ஏமாற்றும். "ஆ முவேன் கெ" என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் "ந" என்றொரு துணுக்கு வரும். பார்த்தால் எதிர்மறை மாதிரி இருக்கும், எதிர்மறைப் பொருள் கிடையாது, சும்மா அலங்காரத்துக்கு நிற்பது. "வீட்டுக்காரர் மறுத்தாலொழிய" என்பதை "வீட்டுக்காரர் மறுக்காவிட்டாலொழிய" என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். சரிபார்த்தவருக்கும் அதே குழப்பம் என்பதால் அது அப்படியே தாண்டிப் போயிருந்தது.

மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என்று எதை வைத்துச் சொல்வது? பார்த்தால் எனக்குக் கோபம் வருகிற அளவை வைத்தா?

சிரிப்பாக இருந்தாலும் பலர் அப்படித்தான் போடுகிறார்கள். இலக்கணப் பிழை கண்ணில் குத்துவதால் மேஜர் ஆகிவிடுகிறது. அழகான ஆங்கிலத்தில் வந்த தப்புச் செய்தி மைனர் ஆகிவிடுகிறது. தலைகீழ்.

படிக்கிறவருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். படித்துப் புரிந்துகொள்வார், கொஞ்சம் முகம் சுளிப்பார் என்றால் மைனர். தப்பாகப் புரிந்துகொள்வார், அல்லது புரியாமல் நின்றுவிடுவார் என்றால் மேஜர். அந்தத் தப்பான புரிதலால் அவருக்குப் பணமோ உரிமையோ உடல்நலமோ போகும், ஆவணத்தையே பயன்படுத்த முடியாது என்றால் கிரிட்டிக்கல். வழக்கமான எடை 1, 5, 25. சொல்லலாம் என்று தோன்றுகிறது, ஆனால் பிழை இல்லை என்றால் 0 போட்டுக் குறிப்பு மட்டும் எழுதலாம்.

வகையும் கடுமையும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். துல்லியப் பிழை என்றாலே மேஜர் என்று சட்டமில்லை. காற்புள்ளி என்றாலே மைனர் என்றும் சட்டமில்லை. பிரெஞ்சில் பின்னத்துக்கு முன் வருவது காற்புள்ளி. "1,250 கிலோ" என்று பிரெஞ்சில் இருந்தால் அது ஒன்றேகால் கிலோ. ஆங்கிலத்தில் அப்படியே விட்டால் ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ.

ஒரு பக்கத்தை எடுத்துக் கணக்கோடு போட்டுக் காட்டுங்களேன்.

பிரெஞ்சில் 400 சொல் உள்ள வாடகை ஒப்பந்தப் பகுதி. வாடகை 1 100 யூரோ, பொதுச் செலவுக்காக மாதம் 150,50, இரண்டும் சேர்ந்து 1 250,50 யூரோ. சேர்ந்தே குடியேறப்போகும் இரண்டு இளைஞர்களும், அவர்களில் ஒருவரின் தாய்மாமனும் ஆங்கிலத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மாமன் பிணை நிற்கிறார். வரிசையாகப் போவோம்.

மாமன் பெயர் வரும் வரியில் பிரெஞ்சு அவரை "கோஸியோன் சொலிதேர்" என்கிறது. குடியிருப்பவர் வாடகை கட்டாவிட்டால் வீட்டுக்காரர் நேரே இவரிடம் வந்து கேட்கலாம் என்பது பொருள். ஆங்கிலத்தில் "காஷன் டெபாசிட் தருகிறார்" என்று வந்திருக்கிறது. முன்பணம் கொடுப்பதாக நினைத்து மாமன் கையெழுத்துப் போடுவார், உண்மையில் அவர் தலையில் ஏறுவது கடன் பொறுப்பு. துல்லியம், கிரிட்டிக்கல், 25.

முன்பணம் பற்றிய வரியில் "ஓர் ஷார்ஜ்", அதாவது பொதுச் செலவு நீங்கலாக ஒரு மாத வாடகை, என்றிருக்கிறது. ஆங்கிலத்தில் "ஒரு மாத வாடகை" மட்டும் வந்து "நீங்கலாக" விட்டுப்போனது. படிப்பவர் 1 100க்குப் பதில் 1 250,50 எடுத்துக்கொண்டு வருவார். விடுபாடு, மேஜர், 5. அதற்கு அடுத்த வரியில் முன்பணத்தைச் சாவி ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாத "தெலே"க்குள் திருப்பித் தர வேண்டும் என்றிருக்கிறது. "தெலே" என்றால் கெடு. பார்ப்பதற்கு ஆங்கில "டிலே" மாதிரி இருப்பதால் "ஒரு மாதத் தாமதத்துக்குப் பிறகு" என்று போட்டுவிட்டார்கள். பிரெஞ்சுச் சட்டம் வீட்டுக்காரருக்கு வைத்த கெடு குடியிருப்பவருக்குக் காத்திருப்பாக மாறிவிட்டது. இதுவும் மேஜர், 5.

மீதி ஐந்தும் சில்லறை. "எவான்துயெல்மான்" என்றால் "ஏதும் இருந்தால்". அதை "ஈவென்ச்சுவலி" என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் அடுத்த வரியிலேயே செலவுப் பட்டியல் தெளிவாக இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள்: மைனர். "லேண்ட்லார்ட் – லெசர்" கலப்பு ஒன்று. "இன்ஃபர்மேஷன்ஸ்" ஒன்று. தொகையை 1 250,50 என்று பிரெஞ்சு வழக்கத்திலேயே விட்டது ஒன்று. நடுவில் இடைவெளி இருப்பதால் இங்கே யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். "இங்கே நினைவூட்டப்படுகிறது" என்று பிரெஞ்சு வாக்கியக் கட்டை அப்படியே ஏற்றிவைத்த நடைப் பிழை ஒன்று. ஆளுக்கு 1, மொத்தம் 5.

25 + 5 + 5 + 5 = 40. சூத்திரம் இதுதான்:

```
மதிப்பெண் = (1 − தண்டப் புள்ளி ÷ சொல் எண்ணிக்கை) × 100
         = (1 − 40 ÷ 400) × 100
         = 90
```

தேற 95 வேண்டும் என்று முன்பே பேசியிருந்தால் இது தேறாது.

மாமன் வரியை நான் மேஜர் என்றுதான் போட்டிருப்பேன். ஒரே ஒரு குறிப்பு மாறினால் இவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். 25க்குப் பதில் 5 போட்டால் மொத்தம் 20, மதிப்பெண் 95. அதே பக்கம் சரியாக வாசலில் தேறிவிடுகிறது. மற்ற ஏழு பிழைகளையும் நீங்களும் நானும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி குறித்திருந்தாலும்!

எனவே கிரிட்டிக்கல் போடுகிறவர் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று நான் கேட்பேன்: யார், என்ன செய்வார், என்ன இழப்பார். "மாமன், முன்பணம் என்று நம்பிக் கையெழுத்திடுவார், பிறகு மொத்த வாடகைப் பாக்கிக்கும் பொறுப்பாவார்." இப்படி எழுத முடியவில்லை என்றால் அது கிரிட்டிக்கல் இல்லை. எழுத முடிந்தால், மேஜர் என்று சொல்கிறவர் அந்த வாக்கியத்தில் எது தப்பு என்று காட்டட்டும்.

பத்துப் பக்க ஒப்பந்தத்தில் அந்த மாமன் வரி மட்டும் தப்பு, மற்றதெல்லாம் சுத்தம் என்றால்? சூத்திரம் அதை மன்னித்துவிடுமே.

மன்னித்துவிடும். 4 000 சொல்லுக்கு ஒரே ஒரு கிரிட்டிக்கல் என்றால் 25ஐ 4 000ஆல் வகுத்து 99.4 வரும். மாமனுக்கு அந்த 99.4ஆல் ஒரு பயனும் இல்லை. சராசரி என்பதே இப்படித்தான், நீளத்தில் கரைந்துபோகும்.

அதனால் எண்ணுக்கு வெளியே ஒரு விதி வேண்டும்: கிரிட்டிக்கல் ஒன்று இருந்தாலும் திருத்தும் வரை ஆவணம் வெளியே போகக்கூடாது, மதிப்பெண் எதுவானாலும் சரி. எண் மொழிபெயர்ப்பாளரின் போக்கைப் பார்க்க உதவும், ஆவணத்தை அனுப்பலாமா என்பதற்கு இந்த விதி. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்ப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஒரே தப்பு பன்னிரண்டு இடத்தில் வந்திருக்கிறது. பன்னிரண்டு தடவை புள்ளி வெட்டுவதா, ஒரு தடவையா?

கலைச்சொல் பிழை என்றால் பெரும்பாலும் ஒரு தடவைதான். "லேண்ட்லார்ட் – லெசர்" கலப்பு ஒரே முடிவிலிருந்து பிறந்தது. மொழிபெயர்த்தவர் சொற்பட்டியலை ஒருமுறை பார்க்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு தண்டனை என்பது எண்ணிக்கைக்குக் கொடுக்கும் தண்டனை. திருத்தவும் ஒருமுறை தேடி மாற்றினால் போதும். குறிப்பில் மட்டும் "12 இடங்கள்" என்று எழுதுங்கள்.

துல்லியப் பிழைக்கு நான் இந்தச் சலுகை தருவதில்லை. "தெலே" மூன்று பிரிவுகளில் தாமதம் ஆகியிருந்தால் மூன்று வெவ்வேறு கெடுக்கள் கெட்டுப்போயின, படிப்பவர் மூன்று இடத்தில் தனித்தனியாக ஏமாறுவார். எப்படிச் செய்தாலும் விதியைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் தெரிந்த பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஆளைப் பார்த்துத்தான் பதில் வரும்.

ஒரு சொல்லை எந்த வகையில் போடுவது என்றே சில சமயம் தெரிவதில்லை. வாடகை ஒப்பந்தத்தைக் குறிக்கும் "பாய்" ஆங்கிலத்தில் ஜாமீன் ஆகிவிட்டால் அது துல்லியமா, கலைச்சொல்லா?

எழுத்தில் இரண்டு சொல்லும் ஒன்றேபோல இருப்பதால் வரும் பிழை இது. "லீஸ்" என்று வர வேண்டிய இடம். துறையின் அடிப்படைச் சொல் தவறியதால் கலைச்சொல் என்று ஒருவர் சொல்வார், பொருளே மாறிவிட்டதால் துல்லியம் என்று இன்னொருவர் சொல்வார். நான் பார்ப்பது இதை: போட்ட சொல் அதே பொருளைக் குறிக்கும் வேறு பெயரா, வேறு பொருளா? வேறு பெயர் என்றால் கலைச்சொல். வேறு பொருள் என்றால் துல்லியம். ஜாமீன் வேறு பொருள். "லெசர்" வேறு பெயர்.

நல்லவேளையாக, வகை மாறினாலும் கடுமை மாறாவிட்டால் மதிப்பெண் மாறாது. இதில் பத்து நிமிடம் தகராறு செய்வது வீண். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இரண்டு வகையிலும் போட்டு இரண்டு தடவை வெட்டுவது. ஓர் இடத்துக்கு ஒரு பிழை. துல்லியமும் சரளமும் மோதினால் துல்லியத்தில் போடுங்கள்.

பிரெஞ்சு மூலமே தப்பாக இருந்தால் யார் தலையில் போடுவது?

மூலத்தில் உள்ள தப்பை உள்ளபடி கொண்டுவந்தவர் தலையில் போடக்கூடாது. 0 போட்டு, "மூலத்தைக் கவனிக்கவும்" என்று எழுதுங்கள்.

சிக்கலானது மூலம் தளர்வாக எழுதப்பட்ட இடம். மேலே "கோஸியோன்" என்றால் பிணையாள் என்று சொன்னேன். சட்டப்படி அதுதான் சரி, முன்பணத்துக்கு "தெப்போ து கராந்தி" என்று தனிப்பெயர் உண்டு. ஆனால் பிரான்சில் சாதாரணமாகப் பேசும்போது முன்பணத்தையும் "கோஸியோன்" என்றே சொல்வார்கள். வீட்டுக்காரர் கையால் எழுதிய கடிதத்தில் "உங்கள் கோஸியோனைத் திருப்பித் தருகிறேன்" என்றிருந்தால் அது முன்பணம்தான், பிணையாளைத் திருப்பித் தர முடியாது. அங்கே "டெபாசிட்" என்று எழுதியவர் சரி. சொற்பட்டியலைக் காட்டி அவருக்கு 25 வெட்டுகிற மதிப்பீட்டாளர்தான் தப்பு செய்கிறார். பிணையாளைக் குறிக்கும் வினைச்சொல் பக்கத்தில் இருக்கிறதா, திருப்பித் தரும் பேச்சு இருக்கிறதா என்று சுற்றியுள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள்.

பதினைந்து நாள் என்பதை "இரண்டு வாரம்" என்று எழுதியிருக்கிறார். 14 நாள்தானே ஆகிறது? வெட்டலாமா?

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாரத்தை எட்டு நாள் என்றும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள், "கேன்ஸ் ஜூர்", என்றும் பேச்சில் சொல்வார்கள். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுகிற வழக்கம். எனவே "கேன்ஸ் ஜூருக்குள் வந்து பார்க்கிறேன்" என்ற கடிதத்துக்கு "இரண்டு வாரத்தில்" என்பதுதான் நல்ல ஆங்கிலம், அதை வெட்டினால் நீங்கள் பிரெஞ்சைச் சரியாகக் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தில் கெடுவாக வந்தால் கதை வேறு. அங்கே ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் தகராறு வரும், 15 என்பது 15ஆகவே இருக்க வேண்டும். அதே மாற்றம் அங்கே மேஜர். இதே ரகம்தான் "ப்ரெமியே எத்தாஜ்": தரைத்தளத்துக்கு மேலே உள்ள முதல் மாடி. பிரிட்டன் வாசகருக்கு "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்", அமெரிக்க வாசகருக்கு அது "செகண்ட் ஃப்ளோர்". எந்த ஆங்கிலம் என்று வேலை கொடுத்தவர் சொல்லாவிட்டால் வெட்டாமல் கேளுங்கள்.

எனக்குப் பிடிக்காத வாக்கியங்களை என்ன செய்வது? பிழை என்று சொல்ல முடியவில்லை, ஆனால் நான் இப்படி எழுத மாட்டேன்.

அது உங்கள் ரசனை, அதற்கு 0. எந்த விதி மீறப்பட்டது என்று சொல்ல முடியாவிட்டால் அது பிழையில்லை. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இரண்டு பக்கக் கடிதத்தில் முப்பத்தொரு பிழை குறித்து அனுப்பினேன். மொழிபெயர்த்தவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். பத்தொன்பதுக்கு என்னிடம் பதில் இல்லை.

எத்தனை சொல் பார்த்தால் எண்ணை நம்பலாம்? 400 சொல் போதுமா?

அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்லப் போதும். மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சொல்லப் போதாது. பிழை என்பது நீளமான ஆவணத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுவது. மாதிரியில் நான்கு பிழை கண்டால், பக்கத்திலுள்ள இன்னொரு மாதிரியில் இரண்டோ ஆறோ இருப்பது முற்றிலும் இயல்பு. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் இருக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்: நான்குக்கு இரண்டு, இருபத்தைந்துக்கு ஐந்து. கிரிட்டிக்கல் போன்ற கனமான எடை நடுவில் விழுந்தால் ஆட்டம் இன்னும் கூடும்.

எனவே 94க்கும் 95க்கும் இடையே ஒருவரைத் தேறாதவராக்கும் முன் இன்னும் சில மாதிரிகளைப் பாருங்கள். முதல் பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். எல்லாரும் முதல் பக்கத்தைக் கவனமாக எழுதுவார்கள். கடைசியில், களைத்துப்போன நேரத்தில் எழுதிய பக்கத்தையும் எடுங்கள்.

வகுக்கும் சொல் எண்ணிக்கை பிரெஞ்சா ஆங்கிலமா என்பதையும் ஒருமுறை முடிவு செய்து மாற்றாமல் வையுங்கள். பிரெஞ்சு பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட நீளும். மூலத்தை வைத்து வகுத்தால் அதே பிழைகளுக்கு மதிப்பெண் கொஞ்சம் கூடி வரும். நான் மூலத்தை எடுப்பது, சுருக்கமாக நன்றாக எழுதியவர் அதனாலேயே புள்ளி இழக்கக்கூடாது என்பதற்காக.

நானும் சக மதிப்பீட்டாளரும் ஒரே பக்கத்துக்குப் போட்ட எண்கள் பொருந்தவே இல்லை. யாரோ ஒருவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தமா?

அவசியம் இல்லை. எண்களை ஒப்பிடாமல் குறிப்புகளை ஒப்பிடுங்கள். மூன்று விதமாக வேறுபாடு இருக்கும். ஒருவர் பிழையைக் கவனிக்கவே இல்லை. காட்டினதும் ஒத்துக்கொள்வார், அது கவனக்குறைவு. இருவரும் கண்டார்கள், வகை வேறு; மேலே "பாய்" பற்றிச் சொன்னதுபோல எண்ணைப் பெரும்பாலும் தொடாது. இருவரும் கண்டார்கள், கடுமை வேறு. எண்ணை உலுக்குவது இதுதான். மூன்றாவதை மட்டும் உட்கார்ந்து பேசி, முடிவை ஒரு தாளில் சேர்த்துக்கொண்டே போங்கள். பெரிய வேலை தொடங்கும் முன் ஒரே நூறு சொல்லை இருவரும் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால் பிறகு வரும் தகராறு வெகுவாகக் குறையும்.

இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வுகளில் வேறு எடைகள் பார்த்தேனே? நீங்கள் சொன்ன 1, 5, 25 பொருந்தவில்லை.

கூகுள் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் மேஜருக்கு 5, மைனருக்கு 1, சிறு நிறுத்தற்குறிப் பிழைக்கு 0.1 வைத்தார்கள். அங்கே 25 என்பது கிரிட்டிக்கலுக்கு இல்லை, மூலத்தோடு சம்பந்தமே இல்லாமல் போன வாக்கியத்துக்கு. ஒரு வாக்கியத்தில் ஐந்து பிழை வரைதான் குறிப்பார்கள். கணக்கும் வாக்கியம் வாரியாக. அவர்கள் தேவை பல இயந்திரங்களை வரிசைப்படுத்துவது, காற்புள்ளிகள் சேர்ந்து வரிசையைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்கே அந்த 0.1.

அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு இன்னொரு விதம். பிழைக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் புள்ளி, மொத்தம் 18 வந்துவிட்டால் தேர்வில் தோல்வி. அதற்கு ஆளைச் சோதிப்பது நோக்கம். மூன்றின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அடுத்தவர் அனுப்பிய தாளில் "92" என்று மட்டும் இருந்தால், எந்த எடை, எதனால் வகுத்தார்கள், தேற எவ்வளவு என்று கேட்டு வாங்கிய பிறகே அதைப் படிக்கத் தொடங்குங்கள்.